86 டிகிரி வரவேண்டிய இடத்தில் 61: ஒரு RL வடிப்பானின் கட்டக் கணக்கு

ஒரு கிலோ ஓம் மின்தடை, அதற்குத் தொடராக பத்து மில்லி ஹென்றி மின்தூண்டி. உள்ளீடு இரண்டுக்கும் சேர்த்து, வெளியீடு மின்தூண்டியின் குறுக்கே. பொறியியல் இரண்டாம் ஆண்டு ஆய்வகத்தில் எல்லோரும் ஒருமுறையாவது கட்டிப் பார்க்கும் ஹை-பாஸ் வடிப்பான் இது. 1 கிலோ ஹெர்ட்ஸில் வெளியீட்டின் கட்டம் உள்ளீட்டைவிட எவ்வளவு முந்துகிறது என்று கேட்டால், கால்குலேட்டர் 86.4 டிகிரி என்கிறது. ஆஸிலோஸ்கோப் 61 டிகிரி என்றது. இந்த இருபத்தைந்து டிகிரி எங்கே போனது என்பதைத் தேடிப்போன கதைதான் இந்த ஆய்வு.

முதலில் கணக்கு. மின்தூண்டியின் மின் எதிர்ப்பு sL. தொடர்ச் சுற்று என்பதால் இது வெறும் மின்னழுத்தப் பகுப்பான்தான். வெளியீடு எந்த உறுப்பின் குறுக்கே இருக்கிறதோ அது மேலே, மொத்தம் கீழே:

```
H(s)  = sL / (R + sL)
H(jω) = jωL / (R + jωL)
|H|   = ωL / √(R² + (ωL)²)
φ     = 90° − atan(ωL / R)
```

கட்டத்தைப் பின்னத்திலிருந்து நேரடியாகவே படித்துவிடலாம். மேலே இருப்பது தூய கற்பனை எண், ஆகவே அதன் கோணம் 90 டிகிரி. கீழே இருப்பதன் கோணம் atan(ωL/R). மேலிருந்து கீழைக் கழித்தால் விடை. அதிர்வெண் மிகக் குறைவாக இருக்கும்போது கீழ்க்கோணம் சுழியம், வெளியீடு 90 டிகிரி முந்துகிறது. அதிர்வெண் ஏற ஏற கீழ்க்கோணமும் 90-ஐ நெருங்குகிறது, கட்ட வேறுபாடு சுழியமாகிறது. இரண்டுக்கும் நடுவே ωL = R ஆகும் இடம் வெட்டு அதிர்வெண்; அங்கே 45 டிகிரி. நம் சுற்றில் அது R/(2πL), அதாவது 15.9 கிலோ ஹெர்ட்ஸ்.

1 கிலோ ஹெர்ட்ஸில் ωL = 62.8 ஓம். கீழ்க்கோணம் 3.6 டிகிரி. ஆகவே φ = 86.4 டிகிரி. வீச்சு விகிதம் 0.0627, அதாவது சுமார் −24 டெசிபெல். உள்ளே உச்சத்துக்கு உச்சம் 4 வோல்ட் கொடுத்தால் வெளியே 251 மில்லி வோல்ட் வர வேண்டும். ஒரு முழு அலைக்கு 1000 மைக்ரோ விநாடி என்பதால், 86.4 டிகிரி என்பது திரையில் 240 மைக்ரோ விநாடி இடைவெளி.

சுற்றைக் கட்டிய இரண்டு மாணவர்களும் ஒழுங்காகவே தொடங்கினார்கள். முதலில் வெட்டு அதிர்வெண்ணில் சோதித்தார்கள். 45 டிகிரி வர வேண்டும், 44 வந்தது. அங்கே ஒரு முழு அலையே 63 மைக்ரோ விநாடிதான். அதில் ஒரு டிகிரி என்பது கால் மைக்ரோ விநாடிக்கும் குறைவு, கர்சரை வைக்கும் கை நடுக்கத்துக்குள் அடங்கிவிடும். சுற்று சரி என்று முடிவு செய்து 1 கிலோ ஹெர்ட்ஸுக்கு இறங்கினார்கள். வெளியீடு 270 மில்லி வோல்ட். கணக்கைவிட ஏழெட்டு சதவீதம் அதிகம். காயிலின் மேல் 103K என்று அச்சிட்டிருந்தது; 103 என்றால் 10,000 மைக்ரோ ஹென்றி, K என்றால் பத்து சதவீதம் முன்பின். ஆகவே வீச்சைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கர்சர் காட்டிய இடைவெளி மட்டும் 240 அல்ல, 170 மைக்ரோ விநாடி.

“சார், காயில் போயிருச்சா? வேற ஒண்ணு தரீங்களா?”

வேறொன்று கொடுத்தாலும் அதே 170-தான் வந்தது. அதே பெட்டியில் இருந்த அதே ரகக் காயில்.

பழியை மதிப்புத் தவறின் மேல் போட முடியாது என்பதை முதலில் பார்த்துவிடலாம். L உண்மையில் 11 மில்லி ஹென்றி என்றே வைத்துக்கொள்வோம். வீச்சு கிட்டத்தட்ட பத்து சதவீதம் ஏறும். கட்டம்? 86.4 என்பது 86.0 ஆகும், அவ்வளவுதான். வெட்டு அதிர்வெண்ணுக்கு வெகு கீழே இருக்கும்போது கட்டம் 90 டிகிரியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. L எவ்வளவு என்பதைப் பற்றி அதற்கு அக்கறையே இல்லை. R ஐந்து சதவீதம் மாறினாலும் இதே நிலைதான். ஆக, சமன்பாட்டின் உருவம் இதுவாகவே இருக்கும்வரை அதில் எந்த எண்ணைச் சற்றுத் திருத்தினாலும் 61 வராது. பிழை எண்ணில் இல்லை, உருவத்தில் இருக்கிறது.

அடுத்த சந்தேகம் அளக்கும் கருவிகள் மேல். சிக்னல் ஜெனரேட்டருக்கு உள்ளே 50 ஓம் இருக்கிறது. ஆனால் CH1 வடிப்பானின் உள்ளீட்டு முனையிலேயே மாட்டப்பட்டிருந்தது; அந்த 50 ஓமுக்குப் பிறகு வருவதைத்தான் நாம் உள்ளீடு என்று எடுத்துக்கொள்கிறோம், ஆகவே அது கணக்கிலேயே இல்லை. (ஜெனரேட்டரின் திரையில் தெரியும் வோல்ட்டை உள்ளீடாக எடுத்தவர்களுக்கு வேறொரு தலைவலி உண்டு: பல ஜெனரேட்டர்கள் 50 ஓம் சுமை மாட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டு எண்ணைக் காட்டும். நம் சுற்றில் உண்மை வோல்ட் அதைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு.) ஒன்றுக்கு ஒன்று நிலையில் வைத்த புரோபும் கேபிளும் சேர்ந்து நூறு பிக்கோ ஃபாரட் அளவுக்கு மின்தேக்குத்திறனைச் சுமத்தும். 1 கிலோ ஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு 1.6 மெகா ஓம். 63 ஓமுக்கு இணையாக அது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. ஒரு சேனலை AC இணைப்பிலும் மற்றதை DC இணைப்பிலும் வைத்தால் கட்டத்தில் அரை டிகிரி போல வேறுபாடு வரலாம். இருபத்தைந்து வராது.

எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவது காயில். அதைச் சுற்றிலிருந்து கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பார்த்தபோது 30.3 காட்டியது. புரோப் முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.3. ஆகவே காயிலின் கம்பிக்கு 30 ஓம் மின்தடை; அதை r என்போம். விரல் நுனி அளவு ஃபெர்ரைட் துண்டின் மேல் முடிபோன்ற செம்புக் கம்பியை நூற்றுக்கணக்கான சுற்று சுற்றினால் இந்த அளவு வருவதில் வியப்பில்லை.

ஒரு கிலோ ஓமோடு ஒப்பிட்டால் 30 ஓம் மூன்று சதவீதம். அதனால்தான் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஒப்பிட வேண்டியது R-உடன் அல்ல, ωL-உடன். 1 கிலோ ஹெர்ட்ஸில் காயிலின் மின்மறுப்பு 63 ஓம்தான். அதன் பக்கத்தில் 30 ஓம் என்பது பாதி. மேலும் இந்த 30 ஓமைக் காயிலிலிருந்து பிரித்து எடுக்க முடியாது. வெளியீட்டை எங்கே தொட்டு அளந்தாலும் அது L-உடன் சேர்ந்தே வரும். ஆகவே பின்னத்தின் கீழே மட்டுமல்ல, மேலேயும் அது உட்கார்ந்துகொள்கிறது:

```
H(s) = (r + sL) / (R + r + sL)
φ    = atan(ωL / r) − atan(ωL / (R + r))
```

முதல் உறுப்பைப் பாருங்கள். முன்பு அது மாறாத 90 டிகிரி, இப்போது atan(62.8/30), அதாவது 64.5 டிகிரி. இரண்டாவது 3.5 டிகிரி. கழித்தால் 61.0. நேரத்தில் 169 மைக்ரோ விநாடி. திரையில் பார்த்த 170-உடன் பொருந்துகிறது. கணினியில் சரிபார்க்க விரும்புவோருக்கு:

```python
import cmath, math
R, L, r, f = 1000, 10e-3, 30, 1000
s = 1j*2*math.pi*f
H = (r + s*L)/(R + r + s*L)
print(abs(H), math.degrees(cmath.phase(H)))
```

இது 0.0675, 60.99 என்று தரும். வீச்சுக்கான புதிய கணக்கு 4 × 0.0675 = 270 மில்லி வோல்ட். அதுவும் பொருந்துகிறது. காயிலின் K எழுத்தின் மேல் போட்ட அந்த ஏழெட்டு சதவீதப் பழி உண்மையில் இந்த r-இன் வேலை.

வீச்சு ஏன் இவ்வளவு சாதுவாக இருந்தது, கட்டம் மட்டும் ஏன் கத்தியது? சுற்றில் ஓடும் மின்னோட்டம் உச்சத்துக்கு உச்சம் 3.88 மில்லி ஆம்பியர். அது L-இல் 244 மில்லி வோல்ட்டை உண்டாக்குகிறது. கம்பியின் 30 ஓமில் 116 மில்லி வோல்ட். இவை இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. செங்கோண முக்கோணத்தின் கர்ணமாகக் கூட்டினால் 270. நீளப் பக்கத்தில் பாதி அளவு குறுக்குப் பக்கம் சேர்ந்தும் கர்ணம் பத்து சதவீதம்தான் நீண்டிருக்கிறது. (கம்பியின் மின்தடை மின்னோட்டத்தையும் கொஞ்சம் குறைத்துவிடுவதால் நிகர ஏற்றம் இன்னும் குறைவு.) ஆனால் அதே குறுக்குப் பக்கம் கோணத்தை இருபத்தைந்தரை டிகிரி சாய்த்துவிட்டது. வீச்சுக்குள் r வர்க்கமாக நுழைகிறது, கோணத்துக்குள் நேரான விகிதமாக நுழைகிறது. போட் வரைபடத்தில் வீச்சுக் கோட்டை மட்டும் வரைந்துவிட்டு எழுந்து போகிறவர்களுக்கு இந்தக் குறை இந்த அதிர்வெண்ணில் கண்ணில் படவே படாது.

கணக்கு பொருந்திவிட்டது என்பதாலேயே காரணம் நிரூபணமாகிவிடாது; வேறு ஏதோ ஒன்று தற்செயலாக அதே எண்ணைத் தந்திருக்கலாம். அதனால் ஒரு சோதனை. 33 ஓம் மின்தடை ஒன்றை எடுத்துச் சுற்றில் சேர்க்க வேண்டும், இரண்டு வெவ்வேறு இடங்களில். முதலில் R-இன் பக்கம், அதாவது வெளியீட்டுக்கு வெளியே. புதிய சமன்பாட்டின்படி கட்டம் 61.0-இலிருந்து 61.1 ஆகும், கர்சரில் எதுவும் தெரியக் கூடாது. பிறகு அதே மின்தடையைக் காயிலின் பக்கம், வெளியீட்டுக்கு உள்ளே. இப்போது r = 63 ஓம்; கட்டம் 41.5 டிகிரி, இடைவெளி 115 மைக்ரோ விநாடி. மாணவர்கள் எண்களை முன்கூட்டியே நோட்டில் எழுதிவிட்டுத்தான் மாற்றினார்கள். முதல் இடத்தில் அலை அசையவில்லை. இரண்டாம் இடத்தில் கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்து வந்து 115-க்குப் பக்கத்தில் நின்றது. அதன்பின் காயிலைப் பற்றி விவாதம் இல்லை.

மூலச் சமன்பாட்டையும் திருத்திய சமன்பாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பிழை எங்கே ஒளிந்திருந்தது என்பது தெரிகிறது:

| அதிர்வெண் | r இல்லாமல் | r = 30 ஓம் |
|---|---|---|
| 500 ஹெர்ட்ஸ் | 88.2° | 44.6° |
| 1 கிலோ ஹெர்ட்ஸ் | 86.4° | 61.0° |
| 2.8 கிலோ ஹெர்ட்ஸ் | 80.0° | 70.6° |
| 5 கிலோ ஹெர்ட்ஸ் | 72.6° | 67.6° |
| 15.9 கிலோ ஹெர்ட்ஸ் | 45.0° | 44.1° |

கடைசி வரிசையில்தான் அவர்கள் சுற்றைச் சோதித்துச் சரி என்று சொன்னார்கள். வெட்டு அதிர்வெண்ணில் ωL என்பது ஆயிரம் ஓம். அதன் முன் முப்பது ஒரு பொருட்டே அல்ல. இந்த வகைக் குறையைக் கண்டுபிடிக்க அது ஏற்ற அதிர்வெண்ணே அல்ல. ஆனால் வழக்கமாகச் சோதிப்பது அங்கேதான்.

அட்டவணையில் இன்னொன்றும் இருக்கிறது. r இல்லாத பத்தி அதிர்வெண் குறையக் குறைய 90-ஐ நோக்கி ஏறிக்கொண்டே போகிறது. உண்மைப் பத்தி 2.8 கிலோ ஹெர்ட்ஸ் வரை ஏறி, பிறகு திரும்பி இறங்குகிறது. சுழிய அதிர்வெண்ணில் அது சுழியம் டிகிரிக்கே வந்துவிடும், ஏனென்றால் அங்கே மிஞ்சுவது இரண்டு வெறும் மின்தடைகள். வீச்சும் அப்படியே: நேர்மின்னோட்டத்தை முழுவதும் தடுக்க வேண்டிய வடிப்பான், r/(R + r) அளவுக்கு, அதாவது மூன்று சதவீதத்தை விட்டுவிடுகிறது. −31 டெசிபெல்லுக்குக் கீழே இந்தச் சுற்று போகவே போகாது. உச்சக் கட்டத்துக்கு ஓர் எளிய வாய்பாடு உண்டு:

```
f_max     = √(r(R + r)) / (2πL)
sin φ_max = R / (R + 2r)
```

நம் மதிப்புகளைப் போட்டால் 2.8 கிலோ ஹெர்ட்ஸ், 70.6 டிகிரி. இந்த R-ஐயும் இந்தக் காயிலையும் வைத்துக்கொண்டு எந்த அதிர்வெண்ணிலும் 71 டிகிரியைத் தொட முடியாது.

இந்த வாய்பாட்டைப் பார்த்ததும் ஒரு மாணவி கேட்டாள்: R-ஐப் பெரிதாக்கினால் φ_max ஏறுமே, அப்படிச் செய்தால் என்ன? வாய்பாடு ஆமாம் என்கிறது, R-ஐ 3.9 கிலோ ஓமாக்கினால் உச்சம் 80 டிகிரியைத் தொடும். ஆனால் அந்த உச்சம் ஐந்தரை கிலோ ஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிடும். நமக்கு வேண்டிய 1 கிலோ ஹெர்ட்ஸில் கட்டம் 61-இலிருந்து 63.6-க்குத்தான் நகரும், அதற்கு விலையாக வெளியீடு நான்கில் ஒன்றாகச் சுருங்கும். காரணம் சமன்பாட்டின் முதல் உறுப்பிலேயே இருக்கிறது. R அதில் இல்லை. atan(ωL/r) தரும் 64.5 டிகிரிதான் கூரை. R-ஐ எவ்வளவு உயர்த்தினாலும் அந்தக் கூரையை ஒட்டலாமே தவிரத் தாண்ட முடியாது. ωL/r என்பது காயிலின் தரக்காரணி Q. இங்கே அது 2.1. LCR மீட்டர் இருந்தால் 1 கிலோ ஹெர்ட்ஸில் வைத்து Q-ஐ நேராகவே படித்துவிடலாம். சில மீட்டர்கள் அதன் தலைகீழான D-ஐக் காட்டும், 0.48 என்று.

ஆக வேண்டியது நல்ல Q உள்ள காயில். இங்கே இன்னொரு பொறி. “சுற்றுகளை அதிகமாக்கினால் L வர்க்கமாக ஏறும், கம்பியின் நீளம் நேராகத்தான் ஏறும், ஆகவே Q ஏறும்” என்று தோன்றும். அதே தடிமன் கம்பியாக இருந்தால் உண்மைதான். ஆனால் அதே பாபினின் இடைவெளிக்குள் இரு மடங்கு சுற்றுகளை அடக்க வேண்டுமானால் கம்பியின் குறுக்குப் பரப்பு பாதியாக வேண்டும். நீளம் இரு மடங்கு, பரப்பு பாதி. மின்தடை நான்கு மடங்கு. L-உம் நான்கு மடங்கு. விகிதம் நகரவே இல்லை. ஒரு பாபினுக்கும் ஒரு ஃபெர்ரைட்டுக்கும் L/r என்பது ஏறத்தாழ நிலையான எண், நம் காயிலுக்கு 333 மைக்ரோ விநாடி. அதை மாற்ற வேண்டுமானால் உள்ளகத்தையே பெரிதாக்க வேண்டும், அல்லது காற்று இடைவெளி குறைந்த மூடிய வடிவத்துக்குப் போக வேண்டும். 1 கிலோ ஹெர்ட்ஸில் 85 டிகிரி வேண்டுமென்றால், R அதே ஒரு கிலோ ஓமாக இருக்கையில், முதல் உறுப்பு 88.6 டிகிரி தர வேண்டும். Q நாற்பதுக்கு மேல், r ஒன்றரை ஓம். விரல் நுனிக் காயிலில் அது நடக்காது.

மேல் முனையைப் பற்றிச் சுருக்கமாக. அங்கே r கவலையில்லை, மின்தேக்குத்திறன்தான் கவலை. அந்த நூறு பிக்கோ ஃபாரட் புரோப் 1 கிலோ ஹெர்ட்ஸில் குற்றமற்றது என்றோம். ஆனால் 10 மில்லி ஹென்றியோடு சேர்ந்து அது 159 கிலோ ஹெர்ட்ஸில் ஒத்ததிர்கிறது. காயிலின் சொந்தச் சுற்றுகளுக்கு இடையிலான மின்தேக்குத்திறன் இதை இன்னும் கீழே இழுக்கும். அதைத் தாண்டினால் வெளியீடு முந்துவதை விட்டுவிட்டுப் பின்தங்கத் தொடங்கும். பத்துக்கு ஒன்று புரோபுக்கு மாறினால் எல்லை மேலே போகும், ஆனால் கீழ் அதிர்வெண்ணில் 270 மில்லி வோல்ட் 27 ஆகி இரைச்சலில் மங்கும். இரண்டு முனைகளுக்கும் ஒரே புரோப் நிலை சரிப்படாது. நடுவில் மாற்ற வேண்டும், மாற்றிய இடத்தை நோட்டில் குறிக்க வேண்டும்.

திசையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எல்லாக் குழுவிலும் ஒருவராவது இதில் தடுக்குகிறார். திரையில் இடப்பக்கம் என்பது முந்தைய நேரம். வெளியீடு சுழியக் கோட்டை மேல்நோக்கி வெட்டும் புள்ளி உள்ளீட்டின் புள்ளிக்கு இடப்பக்கம் இருந்தால் அது முந்துகிறது. வலப்பக்கம் மூன்றரை டிகிரி போலத் தெரிந்தால் காயிலும் மின்தடையும் இடம் மாறிவிட்டன என்று பொருள்: தரையோடு இணைந்திருக்க வேண்டியது காயில். ஸ்கோப்பின் தரை முனையும் ஜெனரேட்டரின் தரை முனையும் உள்ளே ஒன்றாகவே இருப்பதால், காயிலை மேலே வைத்து அதன் குறுக்கே புரோபை மாட்டினால் மின்தடை குறுக்கிணைப்பாகிவிடும். லிசாஜு வடிவத்தில் அளந்தால் முந்துகிறதா பின்தங்குகிறதா என்பது தெரியவே தெரியாது; தவிர 90 டிகிரிக்கு அருகில் சைன் தட்டையாக இருப்பதால் 86-ஐயும் 82-ஐயும் பிரித்தறிவதே கஷ்டம்.

இந்தச் சுற்றின் வேலை 1 கிலோ ஹெர்ட்ஸ் அலையை 86 டிகிரி முந்தச் செய்வது மட்டும்தான் என்றால், காயிலையே விட்டுவிடலாம். 10 நானோ ஃபாரட் மின்தேக்கியைத் தொடராகவும் அதே ஒரு கிலோ ஓமைத் தரைக்கும் வைத்தால் RC-உம் பழைய L/R-உம் ஒரே பத்து மைக்ரோ விநாடி. பரிமாற்றச் சார்பும் எழுத்துக்கு எழுத்து அதுவே. வேறுபாடு, ஒரு ஃபிலிம் மின்தேக்கியின் இழப்புக் கோணம் அரை டிகிரிபோல இருக்கும் அல்லது அதற்கும் குறையும், அதுவும் முன்பு காயிலுக்குப் பறிபோன இருபத்தைந்தரைக்குப் பதிலாக. மாணவர்கள் அதையும் கட்டினார்கள். கர்சர் 240-இல் நின்றது. RL வடிவம் தன் இடத்தைத் தக்கவைப்பது மூலத்திலிருந்து நேர்மின்னோட்டம் தரைக்கு வழிந்தோட வேண்டிய சுற்றுகளிலும், R ஐம்பது ஓமாகவும் அதிர்வெண் மெகா ஹெர்ட்ஸாகவும் இருக்கும் ரேடியோச் சுற்றுகளிலும். அங்கே சில மைக்ரோ ஹென்றி போதும், Q தானாகவே பல பத்துகளில் இருக்கும், ஐயப்பட வேண்டியது அந்த மேல்முனை ஒத்ததிர்வை மட்டும்தான்.